ஹெல்மெட் வைசர் கீறலும் ஸ்பாஞ்ச் நாற்றமும்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

தினமும் ஓட்டுபவரின் ஹெல்மெட்டில் நாற்றம் முதலில் கன்னப் பக்க ஸ்பாஞ்சிலும் தாடைப் பட்டியிலும்தான் பிடிக்கும். பலர் உள்துணியை மட்டும் துவைத்துவிட்டுப் பட்டியை மறந்துவிடுகிறார்கள். அப்புறம் நாற்றம் போகவே இல்லை என்பார்கள்.

கழற்றும் வகை லைனிங் என்றால் கன்ன ஸ்பாஞ்சை பிரஸ் பட்டனுக்குப் பக்கத்தில் பிடித்து இழுக்க வேண்டும். துணியைப் பிடித்து இழுத்தால் பட்டன் பிய்ந்து வந்துவிடும். அரை வாளி வெதுவெதுப்பான நீரில் ஒரு சாஷே ஷாம்பு கலந்து, அரை மணி நேரம் ஊறவிட்டு, உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி அழுக்கை எடுக்கலாம். முறுக்கிப் பிழிந்தால் துணியும் ஸ்பாஞ்சும் தனித்தனியாகப் பிரிந்துவிடும். நுரை வராத வரை அலச வேண்டும். மிச்சமிருக்கும் ஷாம்பு வியர்வையோடு சேர்ந்து நெற்றியில் அரிக்கும்.

அடுத்தது காய வைப்பது. பெரும்பாலும் இங்கேதான் கோட்டை விடுகிறோம். மேல்துணி சீக்கிரம் காய்ந்து ஏமாற்றும், உள்ளே ஈரம் இருக்கும். அப்படியே மாட்டினால் இரண்டே நாளில் பழையதைவிட மோசமான பூஞ்சை வாடை வரும். நிழலில், ஃபேனுக்குக் கீழே ஒரு முழு நாள் கிடக்கட்டும். பிறகு டிஷ்யூ பேப்பரை வைத்து அழுத்திப் பாருங்கள். பேப்பர் நனைந்தால் இன்னும் காயவில்லை. துவைத்த பிறகும் ஸ்பாஞ்ச் பொடிப்பொடியாக உதிர்ந்து முடியில் ஒட்டினால் அதன் ஆயுள் முடிந்தது, மாற்றத்தான் வேண்டும்.

லைனிங்குக்கு அடியில் இருக்கும் தெர்மாகோலை ஈரத்துணியால் துடைத்தால் போதும். பெட்ரோல், தின்னர் பட்டால் அது கரைந்துவிடும். அடியைத் தாங்குவதே அதுதான். மேலே துணி மூடியிருப்பதால் கரைந்தது தெரியவும் தெரியாது.

வைசரில் வரும் கீறலில் பாதி, துடைக்கும்போது நாமே போடுவது. காய்ந்த தூசியைச் சட்டை நுனியால் தேய்த்தால் ஒவ்வொரு மணல் துகளும் ஒரு கோடு இழுக்கும். நனைத்த துணியைப் பத்து நிமிடம் மேலே போட்டு வைத்தால் ஒட்டிய பூச்சிகூட ஊறிவிடும். பிறகு ஓடும் நீரில் கழுவி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் வேண்டாம். வைசரின் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கில் மெல்லிய வெடிப்புகள் விழும்.

டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் கீறல் போகும் என்பதை நம்ப வேண்டாம். பேஸ்ட் ஒரு உராய்பொருள். கீறலைச் சுற்றியுள்ள கடினப் பூச்சையும் சேர்த்துத் தேய்த்துவிடும். பகலில் பளபளப்பாகத் தெரியும் அதே வைசர், இரவில் எதிரே வரும் ஹெட்லைட்டைப் பனிமூட்டம்போலச் சிதறடிக்கும். ஓரத்தில் உள்ள கீறலை விட்டுவிடலாம். பார்வைக்கு நேரே, நகத்தில் தட்டுப்படும் ஆழத்தில் இருந்தால் புது வைசர்தான் வழி. வாங்கும்போது ஹெல்மெட் மாடலைச் சொல்லி வாங்குங்கள். ஒரே கம்பெனியிலும் மாடலுக்கு மாடல் கொக்கி மாறும்.