மாதவரம் கோடவுனிலிருந்து செங்குன்றம் டாக் வரை: ஏஎஸ்என் மூன்று ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

சரக்கு வந்து சேரும் முன்பே, எந்த வண்டியில் எந்தப் பெட்டி, அதற்குள் எத்தனை என்று கடைச் சங்கிலியின் சிஸ்டத்துக்குச் சொல்லிவிடும் ஃபைல்தான் ஏஎஸ்என். கோயம்புத்தூரிலிருந்து லோடு அனுப்புபவருக்கு இதில் பெரிய சிக்கல் இல்லை. வண்டி இரவெல்லாம் ஓடும், ஃபைல் சாவகாசமாக முன்னால் போய்விடும். வடசென்னைக்குள்ளேயே அனுப்புபவர்கள் பாடுதான் வேறு. மாதவரத்தில் ஏற்றிய வண்டி, ஜிஎன்டி சாலையில் நெரிசல் இல்லையென்றால், அரை மணி முக்கால் மணிக்குள் செங்குன்றத்தில் கடைச் சங்கிலி சரக்கு இறக்கும் டாக்கில் நிற்கும். மூன்று ஆண்டில் வந்த தகராறுகளில் முக்கால்வாசி இந்தக் குறைந்த தூரத்தால்தான்.

கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் ஃபைல் அனுப்பும் ஈடிஐ என்றால் உடனே போய்ச் சேரும் என்று பலர் நினைக்கிறார்கள். பழைய அமைப்பில் எங்கள் பக்கம் 30 நிமிடத்துக்கு ஒருமுறைதான் ஃபைல் வெளியே போகும். வாங்கும் பக்கமும் 30 நிமிடத்துக்கு ஒருமுறைதான் அதை எடுக்கும். 10:05-க்கு உருவான ஃபைல் 10:30-க்குக் கிளம்பி, 11 மணிக்குத்தான் அவர்கள் சிஸ்டத்தில் ஏறும். 10:15-க்குக் கிளம்பிய வண்டியோ 10:50-க்கே டாக்கில். பெட்டியை ஸ்கேன் செய்தால் "ஏஎஸ்என் இல்லை" என்று வரும். பிறகு கையால் எண்ணித்தான் இறக்குவார்கள், இல்லை வண்டியை ஓரம் கட்டச் சொல்வார்கள். 11 மணிக்கு ஃபைல் வந்த பிறகும் அது பயன்படாது. கையால் போட்ட ஜிஆர்என் என்ற சரக்கு வரவுச் சீட்டு ஒரு பக்கம், யாரும் தொடாத ஏஎஸ்என் ஒரு பக்கம் என்று ஒரே சரக்கு இரண்டு கணக்கில் நிற்கும்.

இதற்குப் பலன் தந்த மாற்றங்கள் இரண்டு. நேரம் பார்த்து அனுப்புவதை விட்டுவிட்டு, கடைசிப் பெட்டி ஸ்கேன் ஆனதும் ஏஎஸ்2 என்ற இணைய இணைப்பு வழியாக நேரடியாக அனுப்பும்படி வைத்தோம். இரண்டாவது, வாங்கும் பக்கத்திலிருந்து 997 என்ற ஒப்புகை ஃபைல் வந்தால்தான் கேட் பாஸ் அச்சாகும். செக்யூரிட்டி கையில் கேட் பாஸ் இல்லாமல் வண்டி நகராது. சாதாரணமாக ஐந்து நிமிடம் கூடுதலாக நிற்கும், அவ்வளவுதான்.

997 பற்றி ஒரு எச்சரிக்கை. அதில் `AK9*A` என்று வந்தால் ஃபைலின் இலக்கணம் சரி என்று மட்டுமே பொருள். பிஓ எண் தவறாக இருந்தாலும், மூடிய பிஓவுக்கு அனுப்பியிருந்தாலும் 997 "A" என்றே வரும். உள்ளடக்கம் ஏற்கப்பட்டதா என்பது 824 என்ற பதில் ஃபைல் வழியாகவோ அவர்களுடைய சப்ளையர் போர்ட்டலிலோதான் தெரியும். 824 அனுப்பாத வாடிக்கையாளர் என்றால், போர்ட்டலில் ஷிப்மென்ட் எண் தெரிகிறதா என்று டெஸ்பாட்ச் மேசையில் ஒருவர் பார்த்தே ஆக வேண்டும்.

அடுத்தது எண்ணிக்கை. ஒருமுறை பிஓவில் 40 பெட்டி, பெட்டிக்கு 24 பாட்டில், மொத்தம் 960. பிக்கிங் முடிந்ததும் இன்வாய்ஸ் போட்டு, அதிலிருந்தே ஏஎஸ்என் எடுத்தார்கள். ஏற்றும்போது இரண்டு பெட்டிக்கு அடிப்பக்கம் கிழிந்திருந்தது, இறக்கி வைத்துவிட்டார்கள். வண்டியில் போனது 38 பெட்டி, 912 பாட்டில். பெட்டிக்கு ஒன்றாக ஒட்டும் எஸ்எஸ்சிசி எண்களில் 38 டாக்கில் ஸ்கேன் ஆனது, மீதி இரண்டும் "வரவில்லை" என்று திறந்தே நின்றன. விடுபட்டது இரண்டு பெட்டி, தொங்கியதோ முழு இன்வாய்ஸ் பணம். பிஓ, ஜிஆர்என், இன்வாய்ஸ் மூன்றும் ஒத்துப்போகாமல் கணக்குப் பிரிவில் பில் நகராது.

அதனால் ஏஎஸ்என் பிறக்க வேண்டிய இடம் ஏற்றும் மேடை. வண்டிக்குள் போகும் ஒவ்வொரு பெட்டியையும் ஸ்கேன் செய்து, லோடை மூடிய பிறகே இன்வாய்ஸ், அதற்குப் பிறகு இ-வே பில், ஏஎஸ்என். இன்வாய்ஸை முந்திப் போட்டுவிட்டால் திருத்துவது வீண் அலைச்சல். இ-இன்வாய்ஸ் ஆகியிருந்தால் அதன் பதிவு எண்ணான ஐஆர்என்-ஐ 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம், ஆனால் அதற்கு முன் இ-வே பில்லை ரத்து செய்திருக்க வேண்டும்.

ஃபைலுக்குள் ஒரு பெட்டி இப்படித்தான் இருக்கும்:

```
HL*1**S
HL*2*1*O
PRF*4500123
HL*3*2*P
MAN*GM*00089012340000042175
HL*4*3*I
LIN**IN*774120
SN1**24*EA
```

ஷிப்மென்ட், அதற்குள் ஆர்டர், அதற்குள் பெட்டி, அதற்குள் பொருள். `SN1` வரியில் 24 பாட்டில் என்று இருக்கிறதே, அங்கேதான் அடிக்கடி கை தவறும். `SN1**1*EA` என்று போட்டால் 38 பெட்டிக்கும் சேர்த்து 38 பாட்டில்தான் வரவாகும். பெட்டிக் கணக்கா, உருப்படிக் கணக்கா என்பதை பிஓவில் உள்ள அலகைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

`MAN` வரியில் இருப்பது பெட்டியின் எஸ்எஸ்சிசி எண். அங்கே `GM` என்றால் முன்னால் உள்ள 00-வையும் சேர்த்து 20 இலக்கம். `AA` என்றால் 00 இல்லாமல் 18. ஃபைலில் ஒன்று, லேபிளில் ஒன்று என்று இருந்தால் கண்ணுக்கு ஒரே எண்ணாகத் தெரியும், டாக்கில் பொருந்தாது. கடைசி 5 சோதனை இலக்கம். முன்னால் உள்ள 00-வை விட்டுவிட்டு, இடமிருந்து 17 இலக்கங்களையும் 3, 1, 3, 1 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டினால் 85 வரும். அடுத்த பத்தின் மடங்கான 90-க்கு ஐந்து குறைவு, அதனால் 5.

லேபிளில் மாதக்கணக்கில் பிடிபடாமல் இருந்த கோளாறு ஒன்று உண்டு. எண் சரி, கோடுகள் தெளிவு, ஸ்கேனரும் பீப் அடிக்கிறது, ஆனால் டாக் சிஸ்டம் ஏற்க மறுக்கிறது. அச்சான பார்கோடு வெறும் கோட் 128. ஜிஎஸ்1-128 ஆக வேண்டுமென்றால் தொடக்கத்தில் எஃப்என்சி1 குறி இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், முன்னால் உள்ள 00 என்பது எஸ்எஸ்சிசி-யைக் குறிக்கிறது என்று சிஸ்டத்துக்குத் தெரியாது. ஜீப்ரா பிரிண்டரில் சரியான வரி:

```
^BCN,260,Y,N,N
^FD>;>800089012340000042175^FS
```

இதில் `>8` தான் எஃப்என்சி1. சோதிக்க, ஸ்கேனரில் சிம்பாலஜி அடையாளத்தை ஆன் செய்து நோட்பேடில் ஸ்கேன் செய்யுங்கள். `]C1` என்று தொடங்கினால் சரி, `]C0` என்றால் லேபிள் வடிவமைப்பைத் திருத்த வேண்டும். கோட்டின் உயரம் 32 மி.மீ.க்குக் குறையக் கூடாது. 203 டிபிஐ பிரிண்டரில் 260 புள்ளி வைத்தால் அந்த அளவு கிடைத்துவிடும். வெயிலில் நிற்கும் வண்டிக்கு டைரக்ட் தெர்மல் ஸ்டிக்கர் வேண்டாம், கறுத்துப்போகும். ரிப்பன் போட்டு அச்சிடுவதே நல்லது.

ஏஎஸ்என் போன பிறகு சரக்கு மாறினால், வண்டி கேட்டைத் தாண்டாதவரை அதே ஷிப்மென்ட் எண்ணில், `BSN` வரியின் முதல் இடத்தில் `00`-க்குப் பதில் `05` போட்டு மாற்று ஃபைல் அனுப்பலாம். வாங்குபவர் `05`-ஐ ஏற்பாரா என்று ஒப்பந்தத்தின்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டாக்கில் வண்டி வரவு பதிந்துவிட்டால் ஏற்பவர்களும் ஏற்க மாட்டார்கள். அப்போது எந்த எஸ்எஸ்சிசி வரவில்லை என்று எண்ணோடு ரிசீவிங் சூப்பர்வைசருக்குப் போன் செய்து, ஜிஆர்என் மூடும் முன் அந்தப் பெட்டியைக் குறைவு என்று பதியவைப்பது ஒன்றுதான் வழி.