பச்சை டிக் இருந்தது, பாதுகாப்பு இல்லை: ஒரு ஆன்டிவைரஸுடன் 4 வருடம்

எங்கள் ஜெராக்ஸ் கடையில் 2 கம்ப்யூட்டர்கள். தினமும் முப்பது நாற்பது பென் டிரைவாவது செருகப்படும். ஹால் டிக்கெட், பயோடேட்டா, கல்யாணப் பத்திரிகை என்று எதுவோ ஒன்று வரும். கூடவே வைரஸும் வரும். அதனால்தான் 4 வருடம் முன்பு காசு கொடுத்து ஒரு ஆன்டிவைரஸ் வாங்கினேன். பெயர் வேண்டாம். முதல் 3 வருடம் குறை சொல்ல எதுவுமில்லை, பென் டிரைவ் செருகியதும் பிடித்துக் கொடுத்துவிடும்.

நாலாவது வருடம் ஆகஸ்டில் ஒரு கல்லூரிப் பையன் வந்து, "அண்ணா, உங்க கடையில போட்டதுக்கு அப்புறம் என் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டா மாறிடுச்சு" என்றான். நான் நம்பவில்லை. திரையின் மூலையில் பச்சை டிக் இருக்கிறதே! ஆனால் கடையின் பென் டிரைவைச் செருகிப் பார்த்தால் அதிலும் அதே கதை. கோப்புகள் அழியவில்லை, மறைக்கப்பட்டிருந்தன. வைரஸை நீக்கிய பிறகு இந்தக் கட்டளையால் அவை வெளியே வந்தன (E: என்பது பென் டிரைவின் எழுத்து):

```
attrib -h -s -r /s /d E:\*.*
```

சரி, ஆன்டிவைரஸ் ஏன் சும்மா இருந்தது? முதலில் EICAR சோதனைக் கோப்பைப் போட்டுப் பார்த்தேன். அது 68 எழுத்து கொண்ட, கெடுதல் செய்யாத ஒரு கோப்பு. எல்லா ஆன்டிவைரஸும் அதை வைரஸ் போலப் பாவித்துப் பிடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. உடனே பிடித்தது. அங்கேதான் ஏமாந்தேன். அந்தக் கோப்பு பல வருடமாக எல்லா ஆன்டிவைரஸின் வைரஸ் பட்டியலிலும் இருக்கிறது, எவ்வளவு பழைய பட்டியலானாலும் மாட்டும். காவல் ஓடுகிறது என்பதை மட்டுமே அது காட்டியது, பட்டியல் புதிதா என்பதை அல்ல.

உண்மை தெரிந்தது About பக்கத்தில். அங்கே 2 வரிகள். புரோகிராமின் வெர்ஷன் போன மாதத்தது. வைரஸ் டெஃபனிஷன் தேதியோ மார்ச்சில் நின்றுவிட்டது. சந்தா முடிந்ததும் மார்ச்சில்தான்.

இந்த இரண்டும் வேறு வேறு சரக்கு. புரோகிராம் அப்டேட் என்பது மென்பொருளையே மாற்றுவது: அதன் பிழைகளைச் சரிசெய்யும், புது விண்டோஸோடு ஒத்துப்போக வைக்கும், திரையின் தோற்றத்தை மாற்றும். டெஃபனிஷன் என்பது எந்தக் கோப்பு கெட்டது என்று அடையாளம் சொல்லும் பட்டியல். தினமும், சில நிறுவனங்களில் ஒரு நாளிலேயே பல முறை வரும். நாம் வருடாவருடம் பணம் கட்டுவது முக்கியமாக இந்தப் பட்டியலுக்காகத்தான். என்னுடையதில் சந்தா முடிந்த பிறகும் புரோகிராம் மட்டும் அப்டேட் ஆகிக்கொண்டே இருந்திருக்கிறது. "அப்டேட் முடிந்தது" என்ற செய்தியை நானே இரண்டு முறை பார்த்து நிம்மதியாக இருந்தேன். சந்தா முடிந்த செய்தியும் வந்திருக்கும்தான். ஆஃபர் விளம்பரங்களோடு சேர்த்து அதையும் கடைப்பையன் மூடியிருப்பான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, இரண்டுக்கும் ஒரே பெட்டி, ஒரே நிறம்.

எல்லாப் பொருளும் இப்படி இல்லை. சில சந்தா முடிந்ததும் காவலையே நிறுத்திவிடும். அதுவே மேல் என்பேன், உடனே தெரிந்துவிடும்.

அப்படியானால் விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் என்ன செய்தது? வேறு ஆன்டிவைரஸ் தன்னைப் பதிவு செய்துகொண்டால் அது ஒதுங்கிவிடும். அந்த ஆன்டிவைரஸ் காலாவதியானாலோ காவலை நிறுத்தினாலோ திரும்பி வர வேண்டும். என் கம்ப்யூட்டரில் பழைய புரோகிராம் "நான் ஓடுகிறேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்ததால் வரவில்லை. பவர்ஷெல்லில் இதைப் போட்டுப் பார்த்தேன்:

```
Get-MpComputerStatus | Format-List AMRunningMode, AMProductVersion, AntivirusSignatureLastUpdated
```

முதல் வரியில் Not running என்று வந்தது. ஆக 5 மாதம் எந்தப் புதுப் பட்டியலும் இல்லாமல் கடை நடந்திருக்கிறது.

பழையதை வழக்கமான முறையில் அன்இன்ஸ்டால் செய்தும் அதன் பதிவு போகவில்லை. அந்த நிறுவனம் தன் தளத்தில் தனியாகத் தரும் நீக்கும் கருவியை ஓட்டி, ரீஸ்டார்ட் செய்த பிறகுதான் முதல் வரி Normal ஆனது. உடனே பட்டியலை இறக்கி முழு ஸ்கேன் விட்டேன். 2 கம்ப்யூட்டரிலும் சேர்த்து ஷார்ட்கட் வைரஸின் 11 நகல்கள்.

இப்போது டிஃபெண்டரோடு 8 மாதம் ஆகிறது. அதிலும் பட்டியல் தனி, புரோகிராம் தனிதான். ஆனால் இரண்டும் விண்டோஸ் அப்டேட் வழியாகவே வருகின்றன, சந்தா கிடையாது. நெட் 2 நாள் படுத்தால் மட்டும் AntivirusSignatureLastUpdated தேதியைப் பார்ப்பேன். ஒரு குறை உண்டு. பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கம்ப்யூட்டரில் முழு ஸ்கேன் ஓடும்போது பிரிண்ட் கொடுத்தால் திணறுகிறது. அதனால் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போகும் நேரத்தில் ஓட்டிவிடுகிறேன்.