சர்க்கரை கோலா, டயட் கோலா, தண்ணீர்: எடைக்கு எது தேவலை?

தினமும் சாயங்காலம் ஒரு கோலா இல்லாமல் முடியாது என்கிற ஜாதி நான். எடை ஏற ஆரம்பித்ததும் மூன்று வழிதான் தெரிந்தது: இருப்பதையே தொடர்வது, டயட் கோலாவுக்கு மாறுவது, தண்ணீருக்கு மாறுவது. டயட்டுக்கு மாறினேன், இன்னும் அதில்தான் இருக்கிறேன். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று முதலிலேயே தெரிந்துகொண்டு படியுங்கள்.

சர்க்கரை கோலாவைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. 300 மில்லி பாட்டிலில் 32 கிராம் அளவுக்குச் சர்க்கரை, அதாவது ஏறக்குறைய 130 கலோரி. திரவமாக உள்ளே போகும் கலோரிக்கு வயிறு சரியாகக் கணக்கு வைப்பதில்லை; அதைக் குடித்துவிட்டோம் என்பதற்காக ராத்திரி ஒரு தோசை குறைவதில்லை. இதில் பெரிய சண்டை கிடையாது.

டயட் கோலாவில்தான் சண்டை. சர்க்கரைக்குப் பதில் இதில் இருப்பது இனிப்பூட்டி: லேபிளில் 951 என்று இருந்தால் அஸ்பார்டேம், 950 என்றால் அசிசல்ஃபேம், 955 என்றால் சுக்ரலோஸ். கலோரி கிட்டத்தட்ட பூஜ்யம். ஆனால் மிச்சம் பிடித்த 130 கலோரியும் மிச்சமாகவே இருக்கிறதா, இல்லை நாக்கில் இனிப்பு பட்டும் வயிற்றுக்கு ஒன்றும் வராததால் பசி கூடி வேறு வழியில் தின்று ஈடுகட்டிவிடுகிறோமா? எடை விஷயத்தில் எல்லாமே இந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது, அதனால் இதற்கே நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

இதற்கு நான் பார்த்ததிலேயே சுத்தமான சோதனை நெதர்லாந்தில் நடந்தது, 2012இல் வெளியானது. 641 பள்ளிக் குழந்தைகள், 18 மாதம். ஒவ்வொருவருக்கும் தினமும் 250 மில்லி பானம். பாதிப் பேருக்குச் சர்க்கரை போட்டது (104 கலோரி), மீதிப் பேருக்கு சுக்ரலோஸும் அசிசல்ஃபேமும் போட்டது. யார் எதைக் குடிக்கிறார்கள் என்று குழந்தைக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. நிஜமாகவே குடித்தார்களா என்று பார்க்கச் சிறுநீரில் சுக்ரலோஸ் அளவைக்கூடச் சோதித்தார்கள். வளரும் பிள்ளைகள், எடை எப்படியும் ஏறும். சர்க்கரைக் குழுவில் சராசரியாக 7.37 கிலோ ஏறியது, மற்றதில் 6.35. ஒரு கிலோ வித்தியாசம். நடுவிலேயே கால்வாசிப் பேர் விலகிவிட்டார்கள் என்பது இதிலுள்ள குறை.

அப்புறம் அதே தரவை வைத்து, மிச்சமான கலோரியில் எவ்வளவு திரும்ப உள்ளே போனது என்று கணக்குப் போட்டார்கள். ஒல்லியாக இருந்த பாதியில் சுமார் 65 சதவீதம் திரும்பிவிட்டது, உடம்பு தானாகவே சரிக்கட்டிவிட்டது. சற்றுக் குண்டாக இருந்த பாதியில் திரும்பியது சுமார் 13 சதவீதம்தான். அதாவது, எடை குறைய வேண்டிய ஆளுக்குத்தான் மாற்றம் அதிகம் உதவியது. எனக்கு இந்த ஒரு எண்ணே போதுமாக இருந்தது.

ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குக் குடிப்பது எது என்று தெரியாது, நமக்குத் தெரியும். கடையில் நின்று ஜீரோ பாட்டிலைத் திறக்கும்போதே ‘இதில்தான் ஒன்றுமில்லையே’ என்று இன்னொரு பஜ்ஜிக்குக் கை போகும். ரெண்டு பஜ்ஜியில் மிச்சம் பிடித்தது எல்லாம் போய்விடும். இது பசி இல்லை, சலுகை. டயட் குடித்தும் எடை இறங்கவில்லை என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பாட்டிலோடு சேர்த்து என்ன சாப்பிடுகிறோம் என்பதைத்தான்.

நிஜப் பசி கூடுகிறதா? 2025இல் அமெரிக்காவில் 75 பேரை வைத்து ஒரு சோதனை வெளியானது. ஒரே ஆளுக்கு வெவ்வேறு நாளில் சர்க்கரைத் தண்ணீர், சுக்ரலோஸ் தண்ணீர், வெறும் தண்ணீர் கொடுத்து, மூளையில் பசியைக் கவனிக்கும் பகுதியை ஸ்கேன் செய்தார்கள். சர்க்கரையைவிட சுக்ரலோஸ் குடித்தபோது அதிகம் பசித்தது என்றார்கள், அந்தச் செய்தி நன்றாகவே ஓடியது. ஆனால் வெறும் தண்ணீரோடு ஒப்பிட்டால், மூளையில் மாற்றம் தெரிந்தாலும் பசியில் வித்தியாசம் இல்லை. சர்க்கரை குடித்தால் பசி கொஞ்சம் அடங்கத்தானே செய்யும், 300 கலோரி போனால் அடங்காதா! இது ஒரு வேளைச் சோதனை என்பதையும் மறக்க வேண்டாம். ஸ்கேனில் தெரிவது தட்டில் அப்படியே தெரியும் என்று சொல்ல முடியாது.

எல்லா இனிப்பூட்டியும் ஒன்றா என்றால், அங்கே என் பிடி கொஞ்சம் தளர்கிறது. 2019இல் வெளியான 12 வாரச் சோதனையில் சாக்கரின் குடித்தவர்களுக்குச் சர்க்கரை குடித்தவர்களைப் போலவே எடை ஏறியது, சுக்ரலோஸ் குடித்தவர்களுக்கு லேசாக இறங்கியது. ஒரே ஒரு சோதனை, ஒவ்வொரு குழுவிலும் முப்பது பேர் அளவில்தான். இதை வைத்து சாக்கரினைத் தள்ளிவைக்கச் சொல்ல மாட்டேன், ஆனால் நான் லேபிளில் சாக்கரினின் எண்ணான 954ஐப் பார்த்தால் வேறு பாட்டில் எடுக்கிறேன்.

சரி, உலக சுகாதார நிறுவனம் 2023இல் எடைக்காக இனிப்பூட்டி வேண்டாம் என்று சொன்னதே? சொன்னது, சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அது பொருந்தாது என்றும் சேர்த்தே சொன்னது. அவர்கள் தொகுத்த சோதனைகளில் இனிப்பூட்டிப் பக்கம் எடை சராசரியாக 0.7 கிலோ குறைவாகத்தான் இருந்தது. பெரும்பாலும் சில மாதம் நடந்தவை. எதிர்த் திசையில் காட்டியது, ஆட்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகள். அதில் ஒரு சிக்கல்: டயட் பாட்டிலைத் தேடிப் போவதே எடை ஏறத் தொடங்கியவர்கள்தான். எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது கஷ்டம். அவர்களும் இதை ஒப்புக்கொண்டு, நிபந்தனையுள்ள பரிந்துரை என்றுதான் போட்டிருக்கிறார்கள். பத்து வருஷம் குடித்தால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல சோதனை இல்லாததால், நானும் அங்கே அடித்துப் பேச மாட்டேன்.

தண்ணீர்? அமெரிக்காவில் 303 பேரை ஒரு வருஷம் எடைக்குறைப்புத் திட்டத்தில் வைத்தபோது டயட் குழு 6.2 கிலோ, தண்ணீர்க் குழு 2.5 கிலோ குறைந்தது. பணம் கொடுத்தது அமெரிக்க பானத் தயாரிப்பாளர்கள் சங்கம். அதோடு எல்லோரும் ஏற்கெனவே டயட் குடித்துப் பழகியவர்கள். தண்ணீர்க் குழுவிடம் அந்தப் பழக்கத்தைப் பிடுங்கிவிட்டார்கள். ஈரானில் 62 பெண்களிடம் 24 வாரம் பார்த்ததில் நேர்மாறு: மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் குடித்தவர்கள் 8.8 கிலோ, டயட் குடித்தவர்கள் 7.6 கிலோ. என் கணக்கில் இது சமநிலை. தண்ணீர் குடித்தே இனிப்பு ஆசையைக் கடக்க முடிந்தவர், செலவில்லாமல் அதையே குடிக்கலாம். என்னால் முடியவில்லை, நாலாம் நாள் ஜிலேபிக் கடைக்குப் போகிற ஆள் நான்.

காபி, டீயில் இனிப்பூட்டி மாத்திரை போடுவது தனிக் கதை. சென்னையில் மெட்ராஸ் டயாபெட்டிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் சர்க்கரை நோய் உள்ளவர்களை ரெண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் 12 வாரம் காபி, டீயில் சர்க்கரைக்குப் பதில் சுக்ரலோஸ் கொடுத்துப் பார்த்தது. சுக்ரலோஸ் குழுவில் எடை 0.3 கிலோ அளவுக்குக் குறைந்தது, மூன்று மாதச் சர்க்கரை அளவில் குறிப்பிடும்படி மாற்றமில்லை. ஒரு டம்ளருக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை என்றால் 20 கலோரி, ரெண்டு வேளைக்கு 40; அதை எடுத்தால் எவ்வளவு இறங்கிவிடும்? கோலா பாட்டில் மாதிரி மொத்தமாகப் போகிற இடத்தில்தான் மாற்றினால் தெரியும். வீட்டில் காபிக்கு மாத்திரை வாங்குவதில்லை, அரை ஸ்பூன் சர்க்கரையே போட்டுக்கொள்கிறேன்.