ஊருக்குப் போனப்ப எடுத்த பிளட் டெஸ்ட்: H போட்ட நம்பரும் H போடாத நம்பரும்

லீவுல ஊருக்குப் போயிருந்தப்ப ஒரு லேப்ல ஃபுல் செக்கப் பண்ணேன். காலைல ரத்தம் எடுத்தாங்க, சாயங்காலமே ரிப்போர்ட் போன்ல வந்துடுச்சு, அந்த வேகத்துக்கு நிஜமாவே பாராட்டணும். ஆனா டாக்டரைப் பாக்க ரெண்டு நாள் இருந்துச்சு, அதுவரைக்கும் நாமளே தனியா உக்காந்து படிக்கணும்.

மொத்த ரிப்போர்ட்லயும் தடிச்ச எழுத்துல H, அதாவது ரேஞ்சை விட அதிகம்னு போட்டிருந்தது வெள்ளை அணுல ஒரு வகையான லிம்ஃபோசைட்டுக்கு மட்டும்தான், 41 சதவீதம், ரேஞ்ச் 20–40. இந்த ரேஞ்ச் பெரும்பாலும் எப்படி வருதுன்னா, ஆரோக்கியமா இருக்கிறவங்க நிறைய பேரை டெஸ்ட் பண்ணி நடுவுல வர்ற 95 சதவீதத்தை எடுத்துக்கிறாங்க, அதனால நல்லா இருக்கிறவங்கள்லயே நூத்துல அஞ்சு பேர் வெளியதான் நிப்பாங்க. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத 20 டெஸ்ட் எடுத்தா ஒண்ணாவது ரேஞ்சுக்கு வெளிய போக 64 சதவீதம் வாய்ப்பு இருக்கு. அதோட சதவீதத்தை மட்டும் பாக்கக்கூடாது, மொத்த வெள்ளை அணு எனக்கு 6,000, அதுல 41 சதவீதம்னா 2,460, எண்ணிக்கைக்கு அந்த லேப் போட்டிருந்த ரேஞ்ச் 1,000–3,000, அப்ப எண்ணிக்கை சரியாத்தான் இருக்கு.

என்னை யோசிக்க வச்சது H போடாத கிரியாட்டினின். இது கிட்னி வெளியேத்துற கழிவு, கிட்னி வேலை குறைஞ்சா ரத்தத்துல ஏறும். 1.15 mg/dL, ரேஞ்ச் 0.7–1.3, பாத்தா ஒண்ணும் இல்ல. வெளிநாட்டுல எடுத்த பழைய ரிப்போர்ட்ல 71 µmol/L. யூனிட் வேற, 88.4ஆல வகுத்தா 0.80 வருது. அதாவது 0.80ல இருந்து 1.15, நாப்பது சதவீதத்துக்கு மேல ஏறியிருக்கு! கம்ப்யூட்டர் ஊர்ல எல்லாருக்குமான ரேஞ்சோடதான் ஒப்பிடுது, என்னோட பழைய நம்பர் அதுக்குத் தெரியாது. கிரியாட்டினின் ஒவ்வொருத்தருக்கும் அவங்கவங்க அளவுல பெருசா மாறாம இருக்கும், ரேஞ்ச்தான் அகலம், அதனால ரேஞ்சுக்குள்ளயே இருந்துகிட்டு கிட்னி வேலை குறையலாம், ஃபிளாக் வராது.

டாக்டர் பழைய நம்பரைப் பாத்ததும் கேட்ட முதல் கேள்வி வலி மாத்திரை போடுறீங்களான்னுதான். பிரயாணத்துல முதுகுவலின்னு ஐபுப்ரோஃபென் தொடர்ந்து போட்டுட்டு இருந்தேன், தண்ணியும் சரியா குடிக்கல. ரெண்டுமே கிரியாட்டினினை ஏத்தும்னு சொன்னார், லேப்புக்கு லேப் மெத்தட் மாறினாலும் கொஞ்சம் வித்தியாசம் வரும்னார், ஆனா இவ்வளவு வித்தியாசத்தை அதுமேல மட்டும் போட்டுட்டு விட முடியாதாம். மாத்திரையை நிறுத்தி, நல்லா தண்ணி குடிச்சு, ஒரு வாரம் கழிச்சு அதே லேப்ல திரும்ப எடுத்தோம், கூடவே கிட்னி புரதத்தைக் கசிய விடுதான்னு பாக்க யூரின் ஆல்புமினும். கிரியாட்டினின் 0.86, ஆல்புமின் நார்மல்.

லேப்காரங்க ரெண்டு ரிப்போர்ட்டையும் ஒரே ஷீட்ல பக்கத்துல பக்கத்துல பிரிண்ட் பண்ணித் தந்தாங்க, கேட்டாத்தான் தருவாங்க, கேளுங்க. வெளிநாட்டு ரிப்போர்ட்டையும் கையோட கொண்டு போங்க, நம்பரை ஒப்பிடறதுக்கு முன்னாடி பக்கத்துல இருக்கிற யூனிட்டைப் பாருங்க.