விளிம்பு வழவழப்பு வேறு, ஓட்ட வழவழப்பு வேறு

பேட்டரி மாற்றக் கொடுத்திருந்த கைப்பேசி, உள்ளே இருந்ததெல்லாம் அழிக்கப்பட்டுச் சென்ற வாரம் திரும்பி வந்தது. ஆண்ட்ராய்டு அமைப்புகளில் மறைந்திருக்கும் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் ஒன்றரை ஆண்டாக நான் செய்துவைத்திருந்த மாற்றங்களும் அதோடு போய்விட்டன. ஒவ்வொரு ஆப்பும் சோம்பலாகத் திறப்பதுபோல் இருந்தது. ஆனால், நான் தினமும் ஆடும் கார் பந்தய கேம் மட்டும் முன்பைவிட நன்றாக ஓடியது. அதை நினைத்தால் இப்போதும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

Window animation scale, Transition animation scale, Animator duration scale ஆகிய மூன்றையும் 0.5x ஆக்கினால் கேமில் லேக் குறையும் என்று நானும் நம்பியிருந்தேன். அவை சாளரங்கள் திறந்து மூடுவது போன்ற திரை அசைவுகளின் நேரத்தையே பாதியாக்குகின்றன. நொடிக்கு 60 ஃபிரேமில் ஓடும் கேம், ஒவ்வொரு ஃபிரேமையும் சுமார் 16.7 மில்லி நொடிக்குள் தானே வரைந்துகொள்கிறது. அந்த வேலையில் இந்த மூன்றுக்கும் பங்கில்லை.

உண்மையான வில்லன், அதே பக்கத்தில் உள்ள Force 4x MSAA என்ற அமைப்பு. அதை இயக்கியதும் சாலையோரத் தடுப்புக் கம்பிகளில் தெரிந்த ரம்பப் பற்கள் மறைந்தன, எனக்கும் மகிழ்ச்சிதான். விளிம்புகளை அப்படி இழைப்பதற்காக கிராபிக்ஸ் சிப் ஒவ்வொரு பிக்சலுக்கும் நான்கு மாதிரிகளைக் கையாள வேண்டியிருக்கிறது என்பதை நான் யோசிக்கவில்லை. முதல் சில சுற்றுகளில் ஒன்றும் தெரியாது. இருபது நிமிடத்தில் கைப்பேசியின் முதுகு சுடும், சிப் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், கேமின் ஃபிரேம் எண் 60இலிருந்து நாற்பதுகளுக்கு இறங்கி, வளைவுகளில் கார் திணறும். பல மாதங்களாக நான் கேமைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது கைப்பேசியை ஆறவிட்டு, அதே பாதையில், அந்த அமைப்பை அணைத்து அதே இருபது நிமிடம் ஆடிப் பார்த்தேன்; எண் 55க்குக் கீழே போகவில்லை.

OpenGL ESக்குப் பதிலாக வல்கன் என்ற கிராபிக்ஸ் முறையில் இயங்கும் இன்னொரு கேமில், MSAAவை இயக்கினாலும் அணைத்தாலும் இம்மியளவும் வேறுபாடில்லை. இது OpenGL ES 2.0 ஆப்களுக்கானது என்று அந்த அமைப்பின் கீழேயே எழுதியிருக்கிறது. படிக்காதது என் தவறு. ஒரு கேமில் இது வேலை செய்கிறதா என்று அறிய, கேமை முழுவதும் மூடித் திறந்து, சாய்வான கோடு ஒன்றை அமைப்பை மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் நின்று பார்த்தால் போதும்.

கேமுக்காக டெவலப்பர் ஆப்ஷன்ஸ் பக்கத்துக்குப் போகவே வேண்டாம் என்றுதான் கேட்பவர்களிடம் சொல்வேன். ஆனாலும் கைப்பேசி கைக்கு வந்த அன்றே Build number மீது ஏழு முறை தட்டி அந்தப் பக்கத்தைத் திறந்து, அசைவு அமைப்புகள் மூன்றையும் 0.5x ஆக்கிவிட்டேன், கேமுக்கு உதவாவிட்டாலும், அந்தச் சுறுசுறுப்பில்லாமல் இனி என்னால் இருக்க முடியாது. MSAAவையும், காய்கள் அசையாமல் நிற்கும் ஒரு பழைய சதுரங்க கேமுக்காக, அவ்வப்போது இயக்கிக்கொள்கிறேன். தனித்தனி ஆப்புக்கு வைக்க முடியாத பொது அமைப்பு அது என்பதால், பந்தயத்துக்கு முன் நினைவாக அணைக்க வேண்டும். நேற்று மறந்துவிட்டேன், மூன்றாம் இடத்தில் போய்க்கொண்டிருந்த கார், கடைசி வளைவில் திணறி ஏழாவதாக வந்தது.