கடைப் புத்தகமா, பாடநூல் அட்டவணையா: தரவு விளக்கக் கணக்குகளுக்கு நான் தேர்ந்த வழி

யுஜிசி நெட் தேர்வின் முதல் தாளில் 50 வினாக்கள். வழக்கமாக அவற்றில் ஐந்து, ஒரே ஓர் அட்டவணையையோ வரைபடத்தையோ ஒட்டி வரும். ஐந்துக்கும் சேர்த்து 10 மதிப்பெண். இரண்டு தாள்களையும் சேர்த்து 150 வினாக்களுக்கு 3 மணி நேரம் என்பதால், ஒரு வினாவுக்கு 72 விநாடிதான் கிடைக்கும். அதற்குள் நான்கு இலக்க எண்ணை இன்னொரு நான்கு இலக்க எண்ணால் தாளில் வகுத்துக்கொண்டிருக்க முடியாது. குறுக்குவழி வேண்டும். அதை எதைக் கொண்டு பழகுவது என்பதில்தான் நான் ஓராண்டு தடுமாறினேன்.

முதலில், எல்லோரையும் போல, கடையில் கிடைக்கும் பயிற்சிப் புத்தகம் ஒன்றை வாங்கி முழுவதும் போட்டு முடித்தேன். பிறகு என் முதுகலைப் பொருளாதாரப் பாடநூலில் இருக்கும் அட்டவணைகளை எடுத்து நானே பயிற்சித்தாள் தயாரிக்கத் தொடங்கினேன். இன்று யாராவது கேட்டால் இரண்டாவது வழியைத்தான் சொல்வேன்.

கடைப் புத்தகத்தின் நன்மைகள் தெரிந்தவைதான். வினாக்கள் தயாராக இருக்கும், விடை பின்பக்கத்தில் இருக்கும், உட்கார்ந்த உடனே தொடங்கலாம். சொந்தத் தாளுக்கு உழைப்பு வேண்டும். பத்து வினா கொண்ட ஒரு தாளை விடையும் சரிபார்த்து முடிக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. ஆனால் அந்த நேரத்தில் பாடமும் மனத்தில் பதிந்துவிடுகிறது. மக்கள்தொகை அட்டவணையை மூன்று தாள்களாக்கிய பிறகு தேர்வின் இரண்டாம் தாளான பொருளாதாரத்துக்காக அதைத் தனியே மனப்பாடம் செய்யும் வேலை எனக்கு இருக்கவில்லை.

நான் முடிவெடுத்ததற்குக் காரணம் வேறு. என் கையில் இருந்த புத்தகத்தின் எண்கள் குறுக்குவழிக்கென்றே வெட்டித் தைத்தவை. ஒரு நிறுவனத்தின் விற்பனை 240, மறு ஆண்டு 300. ஒரு பள்ளியில் 720 மாணவர், அதில் 12.5 விழுக்காடு. எட்டில் ஒன்று, நான்கில் ஒன்று என்று மீதியில்லாமல் விழும். இப்படி நூறு கணக்குப் போட்டவருக்குக் குறுக்குவழி தெரியும். அது எந்த இடத்தில் கைவிடும் என்பது தெரியாது. உண்மையான அட்டவணையில் எண்கள் அப்படி இருப்பதில்லை.

என் பாடநூலில் உள்ள இந்திய மக்கள்தொகை அட்டவணையையே பாருங்கள். கோடியில் சொன்னால் 1951இல் 36.11, 1961இல் 43.92, 1971இல் 54.82, 1981இல் 68.33, 1991இல் 84.64, 2001இல் 102.87, 2011இல் 121.09. பக்கத்திலேயே பத்தாண்டு வளர்ச்சி விழுக்காடும் அச்சிடப்பட்டிருக்கும். அந்தப் பத்தியை ஒரு காகிதத் துண்டால் மறைத்துவிட்டால் மீதி இருப்பது வினாத்தாள், மறைத்தது விடைக்குறிப்பு. பாடநூல் அட்டவணைகளில் பங்கு, வளர்ச்சி, மொத்தம் என இப்படி வருவித்த பத்தி ஒன்று பெரும்பாலும் இருக்கும். நான் முதலில் தேடுவது அதைத்தான்.

வினா இது: எந்தப் பத்தாண்டில் வளர்ச்சி விழுக்காடு மிக அதிகம்? மக்கள்தொகை எண்களைப் பார்த்தவுடன் 1961–71, 1971–81 இரண்டும்தான் போட்டியில் என்று தெரிந்துவிடும். முதலாவதில் கூடியது 10.90, அடிப்படை 43.92. இரண்டாவதில் கூடியது 13.51, அடிப்படை 54.82. கடைப் புத்தகத்தில் பழகிய கை உடனே முழு எண்ணாக்கும். 44க்கு 11 என்றால் 25 விழுக்காடு. 55க்கு 14 என்றால் 25.5 விழுக்காடு. ஆகவே 1971–81 என்று விடை குறித்துவிடுவோம். அது தவறு.

தவறு எங்கே நுழைந்தது? 10.90ஐ 11 ஆக்கியபோது அது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகவே உயர்ந்தது. 13.51ஐ 14 ஆக்கியபோது ஏறத்தாழ மூன்றரை விழுக்காடு உயர்ந்துவிட்டது. இரண்டையும் ஒரே விதியில் முழு எண்ணாக்கினாலும் இரண்டும் ஒரே அளவில் நகரவில்லை. ஒப்பிட வேண்டிய வேறுபாடோ அதைவிடச் சிறியது.

இப்போது நான் கையாளும் முறை, அருகில் உள்ள எளிய பின்னத்தைப் பிடித்து, மிச்சத்தை மட்டும் திருத்துவது. 43.92இல் நான்கில் ஒன்று 10.98. உண்மையில் கூடியது 10.90, அதாவது 0.08 குறைவு. 43.92இல் ஒரு விழுக்காடு 0.44 என்பதால் 0.08 என்பது சுமார் 0.18 விழுக்காடு. 25இலிருந்து கழித்தால் 24.82. அடுத்தது, 54.82இல் நான்கில் ஒன்று 13.70. கூடியது 13.51, அதாவது 0.19 குறைவு. ஒரு விழுக்காடு 0.55 என்பதால் இது சுமார் 0.35. விடை 24.65. எனவே 1961–71தான் அதிகம். காகிதத்தை எடுத்துப் பார்த்தால் 24.80, 24.66 என்று இருக்கும். நீள் வகுத்தல் எதுவும் இல்லாமல் இரண்டாம் தசம இடம் வரை நெருங்கிவிட்டோம்.

இதே கையை 1991–2001க்கும் நீட்டலாம். கூடியது 18.23, அடிப்படை 84.64. ஐந்தில் ஒன்று 16.93, மிச்சம் 1.30. ஒரு விழுக்காடு 0.85 என்பதால் மிச்சம் ஒன்றரைக்குச் சற்று மேல். விடை 21.5. அச்சில் 21.54. முறை ஒன்றுதான், பிடிக்கும் பின்னம் மட்டும் மாறுகிறது. எந்தப் பின்னத்தைப் பிடிப்பது என்று கண் தானாகத் தேடத் தொடங்குவது இத்தகைய ஒழுங்கற்ற எண்களைப் போட்டுப் பழகிய பிறகுதான்.

அடுத்து விடைத் தெரிவுகள். குறுக்குவழி போதுமா போதாதா என்பதைத் தீர்மானிப்பது தெரிவுகளுக்கு இடையிலான தூரம். 1961–71இன் வளர்ச்சிக்கு 11, 20, 25, 31 என்று தெரிவுகள் இருந்தால் முழு எண்ணாக்கியதே போதும், நொடியில் 25 என்று குறித்துவிடலாம். 24.1, 24.5, 24.8, 25.2 என்று இருந்தால் திருத்தம் செய்தே ஆக வேண்டும். அதனால் ஒரே வினாவுக்கு அகலமான தெரிவு ஒரு தாளிலும் நெருக்கமான தெரிவு இன்னொரு தாளிலுமாக எழுதுகிறேன். தோராயத்தால் வரக்கூடிய பிழை, இரு தெரிவுகளின் இடைவெளியில் பாதிக்குள் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது, அதன் பிறகே கணக்கைத் தொடுவது என்று பழகிக்கொண்டேன்.

தவறான தெரிவுகளையும் கண்டபடி எழுதக் கூடாது. மாணவர் உண்மையில் செய்யும் பிழையிலிருந்து அவை வர வேண்டும். 10.90ஐப் பழைய ஆண்டின் 43.92க்குப் பதில் புதிய ஆண்டின் 54.82ஆல் வகுத்தால் 19.9 வரும், அதை ஒரு தெரிவாக வைக்கிறேன். கூடிய கோடியையே விழுக்காடு என்று எண்ணுபவர் 10.9ஐக் குறிப்பார், அது இன்னொன்று. இரண்டு வாரம் கழித்து அதே தாளைப் போடும்போது எந்தத் தெரிவில் விழுந்தேன் என்பதே என் பிழையின் பெயரைச் சொல்லிவிடும்.

சொந்தத் தாளுக்கு ஓர் ஆபத்து உண்டு. அது விடைக்குறிப்பில் இருக்கிறது. 2001–11க்கு என் பாடநூலில் வளர்ச்சி 17.64 என்று இருந்தது. மேலே உள்ள எண்களை வைத்துப் போட்டால் 17.71 வருகிறது. மூன்று முறை போட்டுப் பார்த்தேன், பிழை என்னிடம் இல்லை. 2011 கணக்கெடுப்பின் தற்காலிக எண் 121.02 கோடி, இறுதி எண் 121.09 கோடி. நூலில் மக்கள்தொகை இறுதி எண்ணாகவும், விழுக்காடு தற்காலிக எண்ணிலிருந்து வந்ததாகவும் கலந்துவிட்டிருக்கிறது. 17.6, 17.7 என்று தெரிவு வைத்திருந்தால் சரியாகப் போட்டவருக்கே தவறு விழுந்திருக்கும். அன்றிலிருந்து, அச்சிட்ட விழுக்காட்டை ஒரு முறையாவது நானே போட்டுப் பார்க்காமல் விடைக்குறிப்பில் ஏற்றுவதில்லை.

முரண்பாடு எல்லாமே நூலின் பிழை என்றும் நினைத்துவிடக் கூடாது. 1911இல் 25.21, 1921இல் 25.13. போட்டால் 0.32 விழுக்காடு வீழ்ச்சி, அச்சில் 0.31. இங்கே நூல் சரி. கோடியில் இரண்டு தசமத்துக்குச் சுருக்கிய எண்களின் வேறுபாடு வெறும் 0.08. அதில் 0.01 ஆடினாலே எட்டில் ஒரு பங்கு ஆடிவிடும். இத்தகைய சிறு வேறுபாடுகளில் நெருக்கமான தெரிவு வைப்பதே இல்லை. ‘மக்கள்தொகை குறைந்த ஒரே பத்தாண்டு எது’ என்று கேட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

வரைபடங்களில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். பட்டையின் மேல் எண் எழுதப்படாத படத்தில் உயரத்தை அளவுகோல் வைத்து ஊகித்தால் விடைக்குறிப்பும் ஊகமாகிவிடும். எண் அச்சிட்ட படங்களை மட்டுமே எடுக்கிறேன். வட்ட விளக்கப்படத்தில் விழுக்காடு கொடுக்கப்பட்டிருந்தால், ஒரு விழுக்காட்டுக்கு 3.6 பாகை என்ற கணக்கில் கோணம் கேட்கும் இரண்டு வினா சேர்க்கலாம், அவ்வளவே.

கடைப் புத்தகம் உண்மையாகவே மேலாக இருக்கும் இடமும் உண்டு. விடுபட்ட எண்களைக் கொண்ட அட்டவணை, வாக்கியங்களாக எழுதிய தரவை அட்டவணையாக்கிப் போடும் கணக்கு ஆகியவற்றைப் பாடநூலிலிருந்து செய்வது கடினம். நானே எழுதியபோது, எதை மறைத்தேன் என்று தெரிந்திருந்ததால் எனக்கே பயிற்சியாகவில்லை. வங்கித் தேர்வுகளின் முதன்மை நிலையில் இவை அதிகம் என்று அந்தத் தேர்வு எழுதிய நண்பர்கள் சொல்கிறார்கள். நான் அதை எழுதியதில்லை. அதற்குத் தயாராகிறவர்கள் என் சொல்லைப் பாதியாக எடுத்துக்கொள்ளலாம். வேகத்தை அளக்கவும் வேறொருவர் எழுதிய வினா வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு வினாத்தாள்களை வைத்திருக்கிறேன், வாரத்துக்கு ஒன்று, கடிகாரத்தோடு.

மற்ற நாட்களில் பாடநூல்தான். ஒரு தாளில் ஓர் அட்டவணை, பத்து வினா, மடித்த ஓரத்துக்குள் விடை. அடுத்த முறை அதே அட்டவணையில் அடிப்படை ஆண்டை மட்டும் மாற்றுகிறேன். 1951ஐ 100 என்று வைத்தால் 2011இன் குறியீடு என்ன? 36.11ஐ மூன்றால் பெருக்கினால் 108.33. மிச்சம் 12.76 என்பது 36.11இல் மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல். ஆக 335.