குழந்தையின் இரவுநேரக் கால்வலி: கவனித்திருப்பதா, உடனே எல்லாப் பரிசோதனையும் எடுப்பதா?

எங்கள் ஆறு வயது மகள் இரவில் கால் வலிக்கிறதென்று அழத் தொடங்கியபோது, கோத்தகிரியை அடுத்து வாழும் எங்கள் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. அருகிலுள்ள குழந்தை மருத்துவரிடம் காட்டிக் காலை முழுமையாகத் தொட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டு, சில வாரங்கள் வீட்டில் குறிப்பெழுதிக் கவனிப்பது ஒன்று. மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்கு இறங்கி, இரத்தப் பரிசோதனைகளையும் எக்ஸ்ரேயையும் ஒரே நாளில் எடுத்து முடித்துவிடுவது மற்றொன்று. நாங்கள் முதல் வழியைத் தேர்ந்தெடுத்தோம். யார் கேட்டாலும் அதையே முதலில் சொல்வேன். ஆனால் குழந்தையின் காலைப்பொழுது அதற்கு இடம் கொடுத்தால் மட்டுமே.

நோய் எதுவும் இல்லாமலே குழந்தைகளுக்கு இரவில் வரும் இத்தகைய கால்வலியை வளர்ச்சி வலி என்பார்கள். அதன் பொதுவான தோற்றம் பலரும் அறிந்ததே. மூன்று வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை, பெரும்பாலும் இரண்டு கால்களிலும், தொடையிலோ கெண்டைக்காலிலோ முழங்கால் மடிப்பிலோ, மாலையிலும் இரவிலும் வரும்; சில இரவுகள் வந்து, பிறகு பல நாட்கள் காணாமல் போகும். வேகமாக உயரும் மாதங்களில்தான் வரும் என்பதில்லை. அதிகம் ஓடியாடிய நாளின் இரவில் வருவதே வழக்கம்.

தீர்மானிப்பது காலை நேரம்தான். வளர்ச்சி வலியில், நள்ளிரவில் குழந்தை எவ்வளவு அழுதிருந்தாலும், விடிந்ததும் அதன் சுவடே இருக்காது. எங்கள் வீட்டிலிருந்து பள்ளி வேன் நிற்கும் சாலைக்குக் கல்படிகளில் ஏற வேண்டும். முந்தைய இரவு தூங்கவிடாமல் அழுதவள், காலையில் அந்தப் படிகளை எப்போதும்போல் தாவி ஏறுகிறாளா, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறுகிறாளா என்பதையே நான் முதலில் பார்த்தேன். மூட்டு வீக்க நோயில் நிலைமை நேர்மாறானது: காலையில்தான் மூட்டு இறுகியிருக்கும், நண்பகலுக்குள் இளகிவிடும். அந்தக் குழந்தை வலி என்றே சொல்லாமல், தூக்கிக்கொள்ளச் சொல்லிக் கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்திருக்கவும் கூடும். மலையில் மார்கழிக் குளிரில் எல்லோருமே மெதுவாகத்தான் எழுகிறோம் என்பதால், எழுந்தவுடன் தெரியும் சோம்பலைக் கணக்கில் எடுக்க வேண்டாம். வெந்நீரில் குளித்து உடல் கதகதப்பான பிறகும் நொண்டல் இருந்தால், அது வளர்ச்சி வலி அல்ல என்றே கொள்ள வேண்டும்.

காலையில் செய்து பார்க்க இன்னொன்றும் உண்டு. தரையில் சம்மணமிட்டு உட்காரச் சொல்லுங்கள். இரண்டு முழங்கால்களும் ஒரே அளவு கீழே இறங்க வேண்டும். ஒன்று மட்டும் தூக்கி நின்றால் இடுப்பு மூட்டைக் காட்டியாக வேண்டும். ஏனெனில், தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு இரத்த ஓட்டம் குறையும் பெர்த்தஸ் நோயில், இடுப்பில் இருக்கும் கோளாறு முழங்கால் வலியாகவே குழந்தைக்குத் தெரியும். நான்கு முதல் எட்டு வயதுக்குள், ஆண் குழந்தைகளிடம் அது கூடுதலாகக் காணப்படுகிறது. முழங்காலை மட்டும் எக்ஸ்ரே எடுத்தால் படம் சரியாகவே இருக்கும், நோய் தப்பிவிடும்.

இரவில் வலி வரும்போது எங்கே என்று கேளுங்கள். வளர்ச்சி வலியுள்ள குழந்தை உள்ளங்கையால் கால் முழுவதையும் தடவிக் காட்டும், தேய்த்துவிடச் சொல்லும், அழுத்திப் பிடித்தால் ஆறுதலடையும். எலும்பிலோ மூட்டிலோ அழற்சி இருந்தால், கை பட்டாலே காலை இழுத்துக்கொள்ளும். ஒரே காலில், ஒரே இடத்தை, ஒவ்வொரு இரவும் ஒரு விரலால் சுட்டிக் காட்டினாலும் மருத்துவரிடம் போக வேண்டும்.

வெந்நீர்ப் பையும் தேய்த்துவிடுதலும் பெரும்பாலான இரவுகளுக்குப் போதும். தாங்காத இரவில் பாராசிட்டமால் கொடுக்கலாம். ஒரு வேளைக்கு, எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை. 18 கிலோ குழந்தைக்கு அது 180 முதல் 270 மில்லிகிராம். 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பானால் 5 மில்லி சரியாக இருக்கும். அதில் பாதி வலிமையுள்ள சிரப்பும் கடையில் கிடைக்கிறது என்பதால், புட்டியின் எழுத்தைப் படித்த பிறகே அளக்க வேண்டும். மருந்தில் வலி நின்றுவிட்டது என்பதை மட்டும் வைத்து நிம்மதி அடையக் கூடாது. ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா என்னும் சிறிய, புற்றல்லாத எலும்புக் கட்டி, இரவில் ஒரே இடத்தில் வலித்து, ஐபுப்ரோஃபென் கொடுத்தவுடன் வியக்கத்தக்க அளவில் அடங்கும்.

எல்லாப் பரிசோதனையையும் ஒரேயடியாக எடுத்துவிடும் வழியின் கவர்ச்சி எனக்குப் புரிகிறது. ஒரு தாளில் எண்கள் வந்தால் மனம் அமைதியடையும் என்று தோன்றும். ஆனால் அந்த எண்களே புதிய குழப்பத்தைக் கொண்டுவருவதுண்டு. கால்வலிக்கென எழுதப்படும் ஏஎஸ்ஓ பரிசோதனை, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் எப்போதோ வந்த தொண்டைத் தொற்றின் எச்சத்தையே காட்டுகிறது. பள்ளிக்குப் போகும் வயதில் அது உயர்ந்திருப்பது சகஜம். அந்த ஒற்றை எண்ணைக் கொண்டு, தொண்டைத் தொற்றுக்குப் பின் மூட்டையும் இதயத்தையும் தாக்கும் வாதக் காய்ச்சல் என்று முடிவுகட்டினால், தேவையே இல்லாத குழந்தைக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி என்று ஆண்டுக்கணக்கில் நீளும். உண்மையான வாதக் காய்ச்சலில் மூட்டு வீங்கும், சூடாகும், தொட முடியாமல் வலிக்கும், ஒரு மூட்டிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும். அது விடிந்ததும் மறைந்துவிடுவதில்லை.

இரண்டாவது வழியைத் தாமதமின்றி எடுக்க வேண்டிய நிலைகளும் உண்டு. காய்ச்சல், வெளுத்த முகம், அடிபடாமலே தோன்றும் நீலக் கன்றல்கள், எடை குறைதல், பகலிலும் விடாத வலி ஆகியவற்றில் ஒன்று கால்வலியோடு சேர்ந்தாலும் இரத்த அணுக்களின் எண்ணிக்கையும், அணுக்களை நுண்ணோக்கியில் பார்க்கும் இரத்தப் பூச்சுப் பரிசோதனையும் தேவை. இரத்தப் புற்றுநோய் இப்படியும் தொடங்கும். அந்த நோயில்கூட ஆரம்பத்தில் அணுக்களின் எண்ணிக்கை ஏறக்குறைய சரியாக இருக்கக்கூடும் என்பதால், வலி தொடர்ந்தால் ஒருமுறை வந்த நல்ல முடிவோடு நிறுத்திவிடக் கூடாது. காய்ச்சலோடு குழந்தை காலை ஊன்றவே மறுத்தால், எலும்பிலோ மூட்டிலோ சீழ்த்தொற்று இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எங்கள் மாவட்டத்தில் இன்னொரு காரணத்தையும் மனத்தில் வைக்க வேண்டும். சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துவிடும் பரம்பரை நோயான அரிவாள் செல் இரத்தசோகை இந்தியாவில் முதன்முதலாக 1952இல் பதிவானது நீலகிரி மலைவாழ் மக்களிடையேதான். இருளர், குறும்பர், பணியர் போன்ற சமூகங்களில் அது தலைமுறையாகத் தொடர்கிறது. குளிரும், காய்ச்சலும், போதிய தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் அந்நோயில் கடும் எலும்பு வலியைத் தூண்டும். கூடலூர், பந்தலூர் பக்கத்து ஆதிவாசிக் குழந்தை ஒன்று குளிர் இரவில் கால்வலியென்று அழுதால், அதற்கான இரத்தப் பரிசோதனை முன்பே செய்யப்படாவிட்டால், நான் வலியுறுத்தும் முதல் வழியை ஒதுக்கிவிட்டு அதையே முதலில் செய்ய வேண்டும்.

என் அனுபவம் ஆறு வயதுக் குழந்தை ஒன்றோடு நிற்கிறது. மூன்று வயதுக்குக் கீழுள்ளவர்களால் இடத்தைச் சரியாகச் சொல்ல முடியாது; பதின்பருவத்தில் முழங்காலை ஒட்டி ஒரே பக்கம் தொடரும் வலிக்கு எலும்புப் புற்றுநோயையும் நினைக்க வேண்டியிருக்கிறது. அந்த வயதினருக்குக் குறிப்பேட்டோடு காத்திருக்கும்படி நான் சொல்லமாட்டேன். இடைப்பட்ட வயதில், தேதி, வலித்த இடம், வலித்த நேரம், மறுநாள் காலையில் நடந்த விதம் என்ற நான்கையும் எழுதி எடுத்துப் போனால், மருத்துவர் முதலில் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் விடை அந்தப் பக்கத்திலேயே இருக்கும்.